‘சொன்னால் செய்வேன்’ என்பவரிடம் நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை எப்படி ஒப்படைப்பது?

வடவள்ளி மலர் எழுதியது:

என் கணவர் சோம்பேறி அல்லர் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. அவர் பாத்திரம் துலக்குவார், சின்னவளைக் குளிப்பாட்டுவார், ஞாயிறு காலையில் உழவர் சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கான காய்கறி வாங்கி வருவார். எதைச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும்.

சென்ற வியாழக்கிழமை இரவு பத்தே முக்காலுக்குப் படுத்தேன். இட்லி மாவு இன்னும் இரண்டு ஈடுக்குத்தான் வரும், ஆகவே நாளை மதியத்துக்குள் அரிசி ஊற வேண்டும். பெரியவனுக்குச் சனிக்கிழமை பள்ளியில் மஞ்சள் சட்டை கேட்டிருக்கிறார்கள், போன வருடத்துச் சட்டை இப்போது பற்றாது. சின்னவளுக்கு ஒன்றரை வயதுத் தடுப்பூசி இன்னும் போடவில்லை. வேலைக்கு வரும் அக்கா நாளை வர மாட்டார். நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வருகிறது, தாய்மாமன் சீர் என்ன செய்வது என்று மாமனாரிடம் கேட்க வேண்டும். இத்தனையும் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் அவர் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். இவற்றில் ஒன்றுகூட அவருடைய தலையில் இல்லை.

ஒப்படைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். மாமனாருக்கு வயது 72. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. கண் பார்வை மங்கிவிட்டதால் காலையில் 18 யூனிட், இரவில் 12 யூனிட் இன்சுலினை நாங்கள்தான் போட்டுவிடுகிறோம். ஐந்து மாதங்களுக்கு முன், “இனி அப்பாவின் மருந்து உங்கள் பொறுப்பு” என்று சொன்னேன். அந்த வாரமே ஊசி மருந்தும் சிரிஞ்சும் வாங்கி வந்தார், அவரே போடவும் செய்தார். ஐந்தாம் நாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 260 காட்டியது. வழக்கமாக 130ஐ ஒட்டித்தான் இருக்கும். தேடிப் பார்த்தபோதுதான், அவர் வாங்கி வந்த சிரிஞ்சின் மூடி நாங்கள் எப்போதும் பயன்படுத்தும் சிவப்பு நிறத்தில் இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது கண்ணில் பட்டது. “நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லியிருக்கலாமே” என்றார். “இனி நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். பழைய நிலைக்கே வந்துவிட்டோம்.

செய்யும் வேலையைப் பங்கிட வழி தெரிகிறது. நினைக்கும் வேலையைப் பங்கிட்டவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

---

ஓசூர்க்காரன் எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே சிக்கல் இருந்தது. இருவர் கைப்பேசியிலும் தெரியும்படி ஒரே நாட்காட்டியை வைத்துக்கொண்டோம். தடுப்பூசி, பள்ளிக் கட்டணம், வண்டிக் காப்பீடு, பிறந்த நாள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, இரண்டு நாளுக்கு முன்பே நினைவூட்டல் வரும்படி செய்துவிட்டோம். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை மனிதர் செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. ஆறு மாதங்களாக எங்களுக்குள் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

---

வடவள்ளி மலர் எழுதியது:

நன்றி, நண்பரே. நாங்களும் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு பட்டியல் ஒட்டி வைத்திருந்தோம். மூன்று மாதம் ஓடியது. அதில் இருந்த கையெழுத்து முழுவதும் என்னுடையதாகவே இருந்தது.

உங்கள் நாட்காட்டியில் பதிவுகளை ஏற்றுபவர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? தடுப்பூசிக்குத் தேதி இருக்கிறது. மாவு தீர்வதற்கும் சட்டை சிறிதாவதற்கும் தேதி கிடையாது. யாரோ ஒருவர் கண்டுபிடித்த பிறகுதானே அது நாட்காட்டிக்குள் வரும்?

---

ஓசூர்க்காரன் எழுதியது:

உங்கள் கேள்விக்காகத் திறந்து எண்ணிப் பார்த்தேன். இந்த மாதத்தில் 23 பதிவுகள் உள்ளன. 19 பதிவுகளை ஏற்றியவர் என் மனைவி. என்னுடைய நான்கில் இரண்டு வண்டிக்கானவை. பேச்சு எழவில்லை என்பதை வைத்துச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டது சரியல்ல என்று தோன்றுகிறது. இன்று இரவு அவரிடம் கேட்கிறேன்.

---

புள்ளியியல் பயிற்றுநர் எழுதியது:

மலர் கேட்பது ஏன் கணக்கிலேயே வருவதில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்ல முடியும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதற்குமான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது காட்டியது. இந்த எண்கள் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றை எப்படித் திரட்டினார்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முதல் நாள் விடியற்காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணி அரை மணியாகப் பிரித்து, அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஓர் அரை மணிக்குள் பல வேலைகள் நடந்திருந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவற்றை மட்டுமே பதிந்தார்கள்.

இப்போது மலரின் வியாழக்கிழமை இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைப் பற்றிய நினைப்பு அரை நிமிடம், சட்டையைப் பற்றியது அரை நிமிடம். கணக்கெடுப்பாளர் வந்து கேட்டால், பத்தே முக்காலுக்கு நான் படுத்துவிட்டேன் என்றுதான் மலரே சொல்வார்.

ஆலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 35 தம்பதியரிடம் நீண்ட நேர்காணல் எடுத்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீட்டில் நடக்கும் சிந்தனை வேலையை அவர் நான்காகப் பிரித்தார். வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது நடந்ததா என்று கண்காணிப்பது. இவற்றில் முடிவெடுப்பதில் மட்டும் இருவரும் பெரும்பாலும் சேர்ந்து நின்றார்கள். முதலாவதும் கடைசியும் பெண்கள் பக்கமே சாய்ந்திருந்தன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. முடிவெடுக்கும்போது இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள் அல்லவா, அதனால் எல்லாவற்றையும் சேர்ந்துதான் செய்கிறோம் என்ற எண்ணம் கணவருக்கு உண்மையாகவே ஏற்பட்டுவிடுகிறது. அவர் பொய் சொல்வதில்லை. அவர் பார்த்த பகுதி அவ்வளவுதான்.

---

திருவையாற்றுப் பாட்டி எழுதியது:

மலர், நீ வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்ப்பதால்தான் இவ்வளவு களைப்பு. சமையலுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள், அம்மா. பணத்தைப் பார்த்தால் உடம்பு போய்விடும்.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பதினான்கு பேர். சாவிக்கொத்து என் மாமியார் இடுப்பில் இருந்தது. எந்த மாதம் புளி வாங்கி வைக்க வேண்டும், எந்தப் பேரனுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் எவ்வளவு மொய் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் விடியற்காலையில் எழுந்து இரவு வரை வேலை செய்தேன், ஆனால் படுத்ததும் தூங்கிவிடுவேன். அவர் காலமான பிறகு சாவி என்னிடம் வந்தது. முதல் மாதமே கொழுந்தனார் வீட்டுச் சீமந்தத்துக்கு வளையல் வாங்க மறந்து, சபையில் தலைகுனிந்து நின்றேன். அன்று முதல் எனக்கும் இரவில் தூக்கம் குறைந்துவிட்டது. வேலை முன்னைவிடக் குறைவுதான், மருமகள்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

---

வடவள்ளி மலர் எழுதியது:

பாட்டி, சமையலுக்கு ஆள் வைத்தால் அவர் எப்போது வருவார், எதற்கு விடுப்பு, நாளைக்கு என்ன சமைப்பது, வெங்காயம் இருக்கிறதா என்பதை நினைப்பதும் என்னிடம்தான் வந்து சேரும். ஆனால் நீங்கள் சாவிக்கொத்தைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் சொல்ல நினைத்தது அதுவேதான்.

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றுகிறேன். முதலில் அந்த ஊசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வீட்டிலும் இது நடக்கலாம்.

நம் ஊரில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மலரின் கணவர் 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் 18 என்ற கோடு வரை இழுத்திருக்கிறார். அப்படி இழுத்தால் உள்ளே போவது ஏழு யூனிட் சொச்சம்தான். இரவு 12 கோடு வரை இழுத்தால் ஐந்து யூனிட்கூடத் தேறாது. ஒரு நாளைக்கு 30 போக வேண்டிய இடத்தில் 12தான் போயிருக்கிறது, அதனால் சர்க்கரை ஏறியது. இதுவே தலைகீழாக நடந்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்திருந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்ச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அது உயிருக்கே ஆபத்து. குப்பியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தவறு நினைவுக் குறைவால் நேர்ந்ததல்ல. பொறுப்பு கை மாறியபோது அறிவு கை மாறவில்லை. எங்கள் வார்டில் பணி மாறும் நேரத்தில், போகிறவர் வருகிறவரை ஒவ்வொரு படுக்கையாக அழைத்துச் சென்று ஒப்படைப்போம். மேசையில் உட்கார்ந்து “ஏழாம் எண் படுக்கையைப் பார்த்துக்கொள்” என்று சொல்வது ஒப்படைப்பு ஆகாது. அவருக்கு என்ன மருந்து, எப்போது, எது நடந்தால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகு போகிறவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் புதியவர் அவரைப் பார்த்தே வேலை செய்வார்.

மலர், “இனி உங்கள் பொறுப்பு” என்று நீங்கள் சொன்னபோது, உங்கள் மனதில் பல ஆண்டுகளில் சேர்ந்திருந்த சிவப்பு மூடியும் உடன் போயிருக்க வேண்டும். அது உங்களுக்கு அவ்வளவு பழகிப்போனதால், அது ஒரு தகவல் என்பதே உங்களுக்குத் தோன்றியிருக்காது. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அனுபவமுள்ள செவிலியர்களிடமும் இதே குறை உண்டு. அதனால்தான் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறோம். பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் சொல்ல வேண்டியது வாயில் வருகிறது.

---

கிடங்குக் கணக்கர் எழுதியது:

சிஸ்டர் சொன்னது ஒப்படைக்கும் நாளுக்குப் பொருந்தும். அதற்குப் பிந்தைய நாட்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நூற்பாலை ஒன்றில் உதிரிப் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கான பொருட்கள் உண்டு, அவற்றில் எதையும் நான் நினைவில் வைத்திருப்பதில்லை. எது குறைகிறது என்பதைப் பொருளே சொல்லும்படி வைத்திருக்கிறோம்.

மலர் வீட்டு இன்சுலினையே கணக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு குப்பி 10 மில்லி, மில்லிக்கு 40 யூனிட், ஆகவே 400 யூனிட். ஒரு நாளைக்கு 30 யூனிட் செலவானால் ஒரு குப்பி 13 நாள் வரும். கடையில் கேட்டால் அன்றே கிடைக்கும் என்றாலும், பண்டிகை, தொடர் விடுமுறை, கையிருப்பு இல்லை என்ற பதில் எல்லாம் சேர்த்து ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 13 நாளுக்கான மருந்து மிச்சம் இருக்கும்போதே வாங்கக் கிளம்பினால் ஒருநாளும் தட்டுப்பாடு வராது. அந்த நாள் எது? கடைசியாக மூடியிருக்கும் குப்பியை உடைக்கும் நாள். எனவே விதி ஒன்றே ஒன்று. மூடிய குப்பியில் கடைசியை உடைப்பவர், அதன் காலி அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடக்கூடாது. அதை வாங்கப் போகிறவரின் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். தேதியும் வேண்டாம், நினைவூட்டலும் வேண்டாம்.

சமையல் எரிவாயுவை நம்மில் பலர் இப்படித்தான் நடத்துகிறோம். இரண்டு சிலிண்டர் உள்ள வீட்டில், ஒன்று தீர்ந்து மற்றொன்றை மாட்டிய கையோடு பதிவு செய்துவிடுகிறோம். அதற்காக யாரும் இரவில் விழித்திருப்பதில்லை. அதே பழக்கத்தை மருந்துக்கும் அரிசிக்கும் சலவைத் தூளுக்கும் நீட்டினால், தலையில் இருப்பதில் ஒரு பங்கு அலமாரிக்கு இறங்கிவிடும். ஆனால் இந்த முறையை அமைத்தவரே என்றைக்கும் அதைப் பராமரிக்கும்படி ஆகிவிடக்கூடாது. எங்கள் ஆலையில் கையிருப்பு அளவை மாற்றும் உரிமை அந்தப் பொருளுக்குப் பொறுப்பானவருக்கு மட்டுமே உண்டு. மருத்துவர் அளவைக் கூட்டினால் 13 நாள் 11 நாளாகிவிடும். அதைக் கணக்கிட வேண்டியவர் மலரின் கணவராக இருக்க வேண்டும்.

---

திருச்சி குணா எழுதியது:

இந்த இழை முழுவதும் ஆண்களின் தலை காலியாக இருப்பதாக ஒரு தோற்றம் வருகிறது. அதை ஏற்க என்னால் முடியவில்லை. வீட்டுக் கடனின் தவணை, வட்டி விகிதம் ஏறினால் என்ன செய்வது, சொத்து வரி, காப்பீடு, என் பெற்றோருக்கு ஏதாவது நேர்ந்தால் எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது, நான் இல்லாவிட்டால் இவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கின்றன. நானும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். இதை என் மனைவியிடம் சொன்னதில்லை, சொன்னால் அவரும் தூங்க மாட்டார். பார்க்க முடியாத சுமை என்றால் இதுவும் அதுதானே?

---

புள்ளியியல் பயிற்றுநர் எழுதியது:

அதுவும் சுமைதான், குணா. நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்டுகிறேன். வங்கித் தவணைக்கும் மின் கட்டணத்துக்கும் வெளியிலிருந்து ஒருவர் குறுஞ்செய்தி அனுப்புகிறார். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. பிள்ளையின் சட்டை சிறிதாகிவிட்டது என்று யாரும் செய்தி அனுப்புவதில்லை, அது எந்த நாளில் தெரியவரும் என்பதும் தெரியாது. எப்போதும் ஒரு கண் அதன் மேல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் “நான் இல்லாவிட்டால்” என்ற நினைப்புக்கு எந்தக் குறுஞ்செய்தியும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

திருச்சி குணா எழுதியது:

வேறுபாடு புரிகிறது. ஆனால் அடிக்கடி வருவது பெரிய சுமையா, அரிதாக வந்தாலும் அஞ்ச வைப்பது பெரிய சுமையா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லிவிட முடியாது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

---

மதுரை வாசுகி எழுதியது:

மலர், என் அனுபவத்தில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. விட்டுவிடுங்கள். என் கணவரிடம் மகனின் பள்ளி விஷயம் முழுவதையும் ஒப்படைத்தேன். முதல் மாதமே சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிட்டார். எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. பையன் போக முடியவில்லை, அழுதான், தந்தைதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு நான்கு ஆண்டுகளாக ஒரு தேதிகூடத் தவறவில்லை. நாம் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கும் வரையில் அவர்களுக்குக் கீழே தரை இருப்பதே தெரியாது.

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

சுற்றுலாவுக்கு அது சரியாக இருக்கலாம். அதிலும் அழுதது உங்கள் மகன் என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இன்சுலினை அப்படி விட முடியாது. தவறினால் விலை கொடுப்பவர் கற்றுக்கொள்பவராக இல்லாமல் வேறொருவராக இருக்கும் இடத்தில், தவறவிட்டுக் கற்றுக்கொடுப்பது முறையல்ல.

அத்தகைய வேலையைக் கொடுத்த பிறகும் ஒரு கண் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண் கேள்வியாக மாறக்கூடாது. “போட்டீர்களா, பார்த்தீர்களா” என்று தினமும் கேட்டால் கண்காணிக்கும் வேலை மலரிடமே இருக்கிறது என்று பொருள். எங்கள் வார்டில் கட்டிலின் காலடியில் அட்டை தொங்கும். யாரையும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாமனாரின் கட்டிலுக்கு அருகே ஒரு தாளில் தேதி, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை, போட்ட யூனிட் ஆகியவற்றை மலரின் கணவர் எழுதட்டும். எந்த எண்ணைத் தாண்டினால் மருத்துவரை அழைப்பது என்று மருத்துவரிடமே கேட்டு, அதையும் அந்தத் தாளின் தலைப்பில் எழுதட்டும்.

---

மதுரை வாசுகி எழுதியது:

என் மகன் அழுதது எனக்கும் வலித்தது, சிஸ்டர். ஆனால் நான் அன்று பேசியிருந்தால் இன்றும் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

---

மலரின் கணவர் எழுதியது:

மனைவி இந்த இழையை எனக்குப் படிக்கக் கொடுத்தார். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

பம்ப் தயாரிக்கும் ஆலையொன்றில் பொருத்தும் பிரிவைக் கவனிக்கிறேன். பேரிங் எத்தனை நாளுக்கு வரும், எந்த அளவு சீல் குறைகிறது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். கிடங்குக் கணக்கர் எழுதியதைப் படித்தபோது, இந்தக் கணக்கைத்தானே தினமும் போடுகிறேன், வீட்டுக்கு ஏன் ஒருநாளும் போடவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். என் நினைவாற்றலில் குறை இல்லை. ஆலையில் பொருள் இல்லாமல் வரிசை நின்றால் என்னைக் கேட்பார்கள். வீட்டில் எது நின்றாலும் அவரைக் கேட்பார்கள், அல்லது நானே அவரைக் கேட்பேன். எவ்வளவு யோசித்தாலும் இதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று “நீ சொல்லியிருக்கலாமே” என்று சொன்னது தவறு. ஆலையில் புதிய பாகம் வந்தால் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு பம்பிலும் பொருத்த மாட்டேன். கடைக்காரர் கொடுத்த சிரிஞ்சை அப்படியே வாங்கி வந்தேன்.

ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். நான் வாங்கி வந்த மாத்திரையை அவர் மறுபடியும் எடுத்து எண்ணும்போது, இது என் வேலை அல்ல என்ற எண்ணம் எனக்குள் வந்துவிடுகிறது. அது சரியா தவறா என்று தெரியவில்லை, ஆனால் வருகிறது. சிஸ்டர் சொன்ன தாளை நானே போடுகிறேன்.

---

வடவள்ளி மலர் எழுதியது (ஆறு வாரங்களுக்குப் பிறகு):

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் மூவரும் உட்கார்ந்தோம். குப்பி, சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கும் கருவி, மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் விரிப்பின் மேல் பரப்பினேன். சிஸ்டர் சொன்னது உண்மைதான். பொருளைப் பார்க்கப் பார்க்கத்தான், போடுவதற்கு முன் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக்கூடாது, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறைக்கு அருகே வைக்கக்கூடாது என்பதெல்லாம் என் வாயில் வந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். மருந்து வாங்குவது, போடுவது, மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை, மருத்துவரிடம் நேரம் வாங்குவது என அந்த வேலை முழுவதும் அவரிடம் போனது. அதற்குப் பதிலாக வேறு எதையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு வாரம் கடினமாக இருந்தது, எனக்குத்தான். காலையில் அந்தத் தாளைப் பார்க்கப் போகும் கால்களை நானே நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாம் வாரம், சர்க்கரை பார்க்கும் பட்டை தீர்ந்துபோனது. இன்சுலினுக்கும் சிரிஞ்சுக்கும் கணக்குப் போட்டவர் பட்டையை விட்டுவிட்டார். தாளில் இரண்டு நாள் காலியாகக் கிடந்தது. எனக்குத் தெரிந்தது, ஆனாலும் சொல்லவில்லை. வாசுகியின் வழியா சிஸ்டரின் வழியா என்று அந்த இரண்டு நாளும் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் மாமனாரே மகனிடம் கேட்டுவிட்டார். அன்று மாலை பட்டையும் வந்தது, தாளில் அதற்கென்று ஒரு கட்டமும் வந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவருடைய சாப்பாட்டுப் பையைக் கட்டும்போது உள்ளே ஒரு காலி இன்சுலின் அட்டைப்பெட்டி இருந்தது. கடைசிக் குப்பியை முதல் நாள் இரவு உடைத்திருக்கிறார், ஆலையிலிருந்து திரும்பும் வழியில் வாங்குவதற்காக அதைப் பையில் போட்டிருக்கிறார். கடைசிக் குப்பி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்த வீட்டில் இன்சுலின் எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது இதுவே முதல் முறை.

மற்றவை இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பெரியவனின் பள்ளியை அடுத்ததாக அவர் கேட்டிருக்கிறார். ஆனால் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அம்மாக்கள் மட்டுமே இருக்கிறார்கள், நேற்றுக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தபோதும் என்னைத்தான் அழைத்தார்கள். அவருடைய எண் படிவத்தில் இரண்டாவதாக இருக்கிறது. அதை முதலாவதாக மாற்றித் தரும்படி அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் மாற்றவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களை எப்படி ஒப்படைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாத்தனார் என்னைத்தான் அழைக்கிறார், அவர் தம்பியை அல்ல. அதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.